எதில் இத்தனை சதவீதம்? கொள்ளைநோய்க் கால வதந்திகளும் ஓர் ஆய்வுப் பத்தியும்

ஆய்வுக் கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ, ஆய்வாளர் தாம் செய்ததைச் சொல்வதற்கு முன் அதே பொருளில் மற்றவர்கள் இதுவரை என்ன கண்டிருக்கிறார்கள் என்று எழுதும் பகுதிக்கு இலக்கிய மீளாய்வு என்று பெயர். தமிழ்த்துறை ஆய்வேடுகளில் இது ‘ஆய்வு முன்னோடிகள்’ என்ற தலைப்பில் வருவதுண்டு. இந்தப் பகுதியில் ஒவ்வொரு பத்தியும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளும். அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஐந்தாறு ஆய்வுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும். எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, முரண்பாடு எதனால் என்று சொல்லும். வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தப் பத்தியை எழுத வாரக்கணக்கில் ஆகலாம்.

கொள்ளைநோய்க் காலத்தில் பரவும் தவறான தகவல்களைப் பற்றிய பத்தி இதில் தனிச் சிக்கல் உடையது. 2020-க்குப் பிறகு இந்தப் பொருளில் கட்டுரைகள் மலைபோல் குவிந்தன. மருத்துவர், சமூகவியலாளர், கணினி அறிவியலாளர், உளவியலாளர் என்று பலரும் எழுதினார்கள். அவரவர் துறையின் அளவுகோல் வேறு. எல்லோரும் ‘சதவீதம்’ என்ற ஒரே உருவில் விடையைச் சொன்னதால், அந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம் என்ற மயக்கம் எளிதில் வருகிறது.

அந்த மயக்கத்தில் எழுதப்படும் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: “சியூ, ஐசன்பாக் (2010) இருவரும் பன்றிக்காய்ச்சல் பற்றிய ட்விட்டர் பதிவுகளில் 4.5 சதவீதம் தவறான தகவல் என்று கண்டனர். ஓயேயெமி குழுவினர் (2014) எபோலா பற்றிய பதிவுகளில் 55.5 சதவீதம் தவறானவை என்றனர். லி குழுவினர் (2020) கொரோனா பற்றிய யூடியூப் வீடியோக்களில் 27.5 சதவீதத்தில் தவறான தகவல் இருந்ததாகக் கூறினர்.”

இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. மூன்று எண்களும் அந்தந்தக் கட்டுரைகளில் உள்ளவைதான். ஆனால் இதை வாசிப்பவர், 2009-க்கும் 2014-க்கும் இடையில் ட்விட்டரில் பொய் பன்னிரண்டு மடங்கு பெருகிவிட்டது, பிறகு 2020-ல் பாதியாகக் குறைந்துவிட்டது என்றே எண்ணுவார். அப்படி எதுவும் நடந்ததற்கு இந்த மூன்று ஆய்வுகளிலும் சான்று இல்லை. ஆண்டு வரிசையில் எண்களை அடுக்கியதே அந்தக் கதையை உண்டாக்கிவிட்டது. மாணவர்களின் ஆய்வேடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். ஆளுக்கு ஒரு வாக்கியம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவதைத் தொகுப்பு என்று நினைத்துக்கொள்வது.

இதைச் சரிசெய்ய மூலக் கட்டுரைகளுக்குத் திரும்பி, சுருக்கத்தைத் தாண்டி, ஆய்வுமுறை எழுதப்பட்டிருக்கும் பகுதியை வாசிக்க வேண்டும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: எதில் இத்தனை சதவீதம்?

சிந்தியா சியூவும் குந்தர் ஐசன்பாக்கும் 2009 மே முதல் டிசம்பர் வரை, பன்றிக்காய்ச்சலின் பெயர்கள் இடம்பெற்ற 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளைச் சேமித்தார்கள். அவற்றிலிருந்து 5,395 பதிவுகளைத் தற்செயல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றையும் மனிதர்களே வாசித்து வகைப்படுத்தினார்கள். செய்தி இணைப்பு, சொந்த அனுபவம், நகைச்சுவை, கவலை என எல்லாமே அந்தக் குவியலில் இருந்தன. ‘எனக்குக் காய்ச்சல், இன்று வேலைக்குப் போகவில்லை’ என்கிற மாதிரிப் பதிவில் பொய்யாவதற்கே எதுவும் இல்லை. அப்படிப்பட்டவற்றையும் சேர்த்துத்தான் 4.5 சதவீதம்.

எபோலா ஆய்வு வேறு விதமானது. மேற்கு ஆப்பிரிக்காவில் நோய் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 2014 செப்டம்பர் முதல் வாரத்தில், கினி, லைபீரியா, நைஜீரியா ஆகிய நாடுகளிலிருந்து எழுதப்பட்ட ஆங்கிலப் பதிவுகளை ஓயேயெமி குழுவினர் தேடினார்கள். தேடியது நோயின் பெயரை மட்டும் வைத்து அல்ல. அதோடு ‘தடுப்பு’ அல்லது ‘குணமாக்கும் மருந்து’ என்ற பொருளுள்ள சொல்லும் இருக்க வேண்டும். கிடைத்தவை 564 பதிவுகள். அவற்றில் 313 மருத்துவ ரீதியில் தவறானவை. உப்புத் தண்ணீர் குடித்தாலோ அதில் குளித்தாலோ எபோலா அண்டாது என்ற வதந்தி நைஜீரியாவில் பரவியிருந்த சமயம் அது. அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவுமே இல்லாத ஒரு நோய்க்கு மருந்து சொல்லும் பதிவுகளை மட்டும் வலைவீசிப் பிடித்தால் பாதிக்கு மேல் பொய்யாக இருப்பதில் வியப்பில்லை. பன்றிக்காய்ச்சல் ஆய்வின் 4.5 சதவீதம் முழுக் குளத்தைப் பற்றியது; எபோலா ஆய்வின் 55.5 சதவீதம் அதன் மிகக் கலங்கிய மூலையைப் பற்றியது.

யூடியூப் ஆய்வில் அலகே மாறிவிடுகிறது. 2020 மார்ச் 21 அன்று கொரோனா வைரஸ் பற்றி அதிகம் பார்க்கப்பட்ட வீடியோக்களைத் தேடி, பொருந்தாதவற்றைக் கழித்து, மிஞ்சிய 69 வீடியோக்களை லி குழுவினர் ஆராய்ந்தார்கள். தவறான தகவல் ஒன்று இருந்தாலே அந்த வீடியோ தவறானவற்றின் பட்டியலில் சேரும். அப்படிச் சேர்ந்தவை 19. இங்கே தற்செயல் தேர்வு கிடையாது. உச்சியில் இருந்தவை மட்டுமே எடுக்கப்பட்டன. அரை மணி நேர வீடியோவில் ஒரு பிழை இருப்பதும், இரண்டு வரிப் பதிவு முழுவதும் பொய்யாக இருப்பதும் ஒரே எடையில் எண்ணப்படுவதால், இந்த 27.5 சதவீதத்தை மற்ற இரண்டோடும் நேரடியாக ஒப்பிட வழியில்லை. ஆனால் இந்த ஆய்வு கூடுதலாக ஒன்றைத் தருகிறது. 69 வீடியோக்களும் சேர்ந்து 25 கோடியே 78 லட்சம் முறை பார்க்கப்பட்டிருந்தன. அதில் தவறானவற்றின் பங்கு சுமார் 6 கோடியே 20 லட்சம். எத்தனை பொய் இருந்தது என்பதோடு, எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பதும் தெரிகிறது. பின்னது பெரும்பாலான ஆய்வுகளில் கிடைக்காத தகவல்.

உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2022-ல் வெளியான ஒரு கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. அது தனி ஆய்வுகளை விட்டுவிட்டு, ஏற்கெனவே எழுதப்பட்ட 31 மீளாய்வுகளை மீளாய்வு செய்தது. சமூக ஊடகங்களில் உடல்நலம் சார்ந்த தவறான தகவலின் பங்கு 0.2 முதல் 28.8 சதவீதம் வரை இருப்பதாக அது சொல்கிறது. நூறு மடங்குக்கும் மேலான இடைவெளி! மேலே பார்த்த எபோலா ஆய்வின் 55.5 அந்த எல்லைக்கும் வெளியே நிற்கிறது. இவ்வளவு அகன்ற இடைவெளிக்குச் சராசரி கண்டுபிடிப்பது வீண் வேலை. இடைவெளி ஏன் இவ்வளவு அகலம் என்பதைச் சொல்வதுதான் பத்தி எழுதுபவரின் பணி.

‘எதில்’ என்பதற்கு அடுத்த கேள்வி, ‘தவறு என்று யார் சொன்னது’ என்பது. பெரும்பாலான ஆய்வுகளில் உலக சுகாதார நிறுவனமோ அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமோ அந்தச் சமயத்தில் சொன்னதே அளவுகோல். புதிய நோயில் அந்த அளவுகோலே நகர்ந்துகொண்டிருக்கும். 2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்றின் வழியே பரவும் நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில் திட்டவட்டமாக எழுதியது. பின்னாளில் அதே நிறுவனம் காற்றில் மிதக்கும் நுண்துகள்களால் நோய் பரவுவதை ஏற்றுக்கொண்டது. பொதுமக்கள் எல்லோரும் முகக்கவசம் அணியலாமா என்பதிலும் நிலைப்பாடு மாறியது. அமெரிக்க மையம் 2020 ஏப்ரலிலும் உலக சுகாதார நிறுவனம் ஜூனிலும் அறிவுரையை மாற்றிக்கொண்டன. ஆகவே அந்த ஆண்டின் பிப்ரவரியில் ‘எல்லோரும் முகக்கவசம் அணியுங்கள்’ என்று எழுதியவர் அன்றைய அளவுகோலின்படி அதிகாரபூர்வ அறிவுரைக்கு மாறாகப் பேசியவர். தொடக்க மாதங்களின் ஆய்வுகளை இன்று எடுத்தாளும்போது, வகைப்படுத்திய தேதியையும் அன்றைய அளவுகோலையும் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுப்பது ஆபத்து.

பொய் வேகமாகப் பரவுகிறதா என்பது இன்னொரு கேள்வி. இதற்கும் தனிப் பத்தி வேண்டும். இதில் எல்லோரும் தவறாமல் மேற்கோள் காட்டுவது 2018-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த வோசோகி, ராய், ஆரல் ஆய்வு. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளில், பொய்யானவை உண்மையைவிட வேகமாகவும் தொலைவாகவும் போயின என்று அது காட்டியது. அது கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. உண்மை அறியும் அமைப்புகள் எடுத்து ஆராய்ந்த செய்திகளை மட்டுமே அது ஒப்பிட்டது. சர்ச்சை கிளப்பாத சாதாரண உண்மைச் செய்தி அந்தப் பட்டியலுக்கே வராது. கோவிட் தொடங்கியபோது ஐந்து சமூக ஊடகங்களின் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளையும் கருத்துகளையும் பார்த்த சினெல்லி குழுவினர் (2020), நம்பகமான மூலங்களும் ஐயத்துக்குரிய மூலங்களும் பரவும் பாங்கில் வேறுபாடு காணவில்லை. ஆனால் அவர்கள் அளந்தது செய்தி எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை. தனிச் செய்தியின் உண்மை பொய்யை அல்ல. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும், இரண்டு குழுவும் வேறு வேறு பொருளை அளந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம்விடக் கனமான கேள்வி, இந்தப் பொய்கள் மக்களின் நடத்தையை மாற்றுகின்றனவா என்பது. இங்குதான் நல்ல பத்தியும் மோசமான பத்தியும் துல்லியமாகப் பிரிகின்றன.

லூம்பா குழுவினர் 2020 செப்டம்பரில், கோவிட் தடுப்பூசி எதுவும் மேலை நாடுகளில் ஒப்புதல் பெறாத சமயத்தில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு சோதனை நடத்தினார்கள். நாட்டுக்கு ஏறக்குறைய 4,000 பேர். அவர்களில் 3,000 பேருக்குச் சமூக ஊடகங்களில் உண்மையிலேயே உலவிக்கொண்டிருந்த தடுப்பூசி எதிர்ப்புப் பொய்களும், மீதி 1,000 பேருக்கு உண்மைத் தகவல்களும் காட்டப்பட்டன. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பொய்யைப் பார்த்தவர்களிடையே ‘நிச்சயமாகத் தடுப்பூசி போட்டுக்கொள்வேன்’ என்பவர்களின் பங்கு பிரிட்டனில் 6.2 சதவீதப் புள்ளியும் அமெரிக்காவில் 6.4 சதவீதப் புள்ளியும் குறைந்தது. குலுக்கல் நடந்திருப்பதால், குறைவுக்குக் காரணம் அந்தப் படங்கள்தாம் என்று துணிந்து சொல்லலாம். துணியக் கூடாத இடமும் உண்டு. அளக்கப்பட்டது பார்த்த உடனே சொன்ன எண்ணம். பிறகு ஊசி போட்டுக்கொண்டார்களா என்பது அளக்கப்படவில்லை. வெளியுலகில் இந்தப் பொய்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதையும் ஒரு சோதனை சொல்லிவிட முடியாது.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடக்கு கிவு மாகாணத்தில் நடந்த ஆய்வு கள ஆய்வு. எபோலா பரவத் தொடங்கியிருந்த 2018 செப்டம்பரில் பேனி, புட்டெம்போ நகரங்களில் 961 பேரை வின்க் குழுவினர் நேரில் கண்டு பேசினார்கள். கால்பங்குப் பேர், அதாவது 25.5 சதவீதத்தினர், எபோலா என்று ஒன்று அங்கே இல்லை என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்களும் அதிகாரிகள்மீது நம்பிக்கை இல்லாதவர்களும் தடுப்பூசியை ஏற்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. இது தொடர்பு மட்டுமே. பல ஆண்டுகளாக ஆயுதக் குழுக்களின் தாக்குதலில் தவித்த பகுதி அது. அரசின்மேல் உள்ள அவநம்பிக்கை வதந்தியை நம்பவும் வைத்திருக்கலாம், ஊசியை மறுக்கவும் வைத்திருக்கலாம். ஆய்வுக்குப் பிறகு, 2018 டிசம்பரில் நாடெங்கும் தேர்தல் நடந்தபோது, எபோலாவையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி இந்த இரு நகரங்களிலும் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டது. எபோலா அரசியல் சூழ்ச்சி என்று சொல்லிவந்தவர்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

மூன்றாவது ஆய்வு 2024-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ஆலன், வாட்ஸ், ரேண்ட் மூவரும் முதலில் சோதனை மூலம் ஒரு தலைப்பு ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணத்தை எவ்வளவு குறைக்கும் என்று கணித்தார்கள். பிறகு 2021-ன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்க ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட 13,206 தடுப்பூசி இணைப்புகளுக்கு அந்தக் கணிப்பைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதால் பெருக்கினார்கள். உண்மை அறியும் அமைப்புகளால் ‘பொய்’ என்று குறிக்கப்பட்ட இணைப்புகள், பார்த்தவரிடம் ஏற்படுத்தும் பாதிப்பில் மோசமானவையே. ஆனால் தடுப்பூசி பற்றிய மொத்தப் பார்வைகளில் அவற்றின் பங்கு 0.3 சதவீதம்தான். ஊசிமீது ஐயத்தைக் கிளப்பிய, ஆனால் பொய் என்று குறிக்கப்படாத செய்திகள் 46 மடங்கு அதிக விளைவை உண்டாக்கியிருக்கும் என்று கணக்கு காட்டியது. அவற்றில் முதலிடம் பிடித்தது ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழின் ஒரு தலைப்பு. நலமாக இருந்த மருத்துவர் ஒருவர் ஊசி போட்ட இரண்டு வாரத்தில் இறந்தார், அரசு விசாரிக்கிறது என்பது அதன் சாரம். கிட்டத்தட்ட ஐந்தரைக் கோடிப் பார்வைகள். அந்தத் தலைப்பில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டது, 17-ஆம் தேதி இறந்தார். மூன்றுமே உண்மை, ஒரே தலைப்பில் வரும்போது அவை வேறொன்றைச் சொல்லாமல் சொல்லின. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு முடிவு சொன்னது அக்டோபரில்தான். ‘தவறான தகவல்’ என்று வரையறுத்து எண்ணும் ஆய்வுகளின் வலையில் இப்படிப்பட்ட செய்திகள் விழுவதே இல்லை.

இந்த மூன்று ஆய்வுகளையும் முந்தைய எண்களையும் சேர்த்து, தொகுப்புப் பத்தி இப்படி அமையலாம்:

“நோய் நெருக்கடியின்போது சமூக ஊடகங்களில் தவறான தகவலின் பங்கு பற்றி ஆய்வுகள் தரும் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன, அவை வேறு வேறு குவியல்களை அளந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நோயின் பெயரை வைத்துத் திரட்டிய பதிவுகளிலிருந்து தற்செயலாக எடுத்த மாதிரியில் பங்கு 4.5 சதவீதமாக இருந்தது (சியூ, ஐசன்பாக் 2010). தடுப்பு, மருந்து பற்றிய பதிவுகளை மட்டும் தேடியபோது பாதியைத் தாண்டியது (ஓயேயெமி குழு 2014). அதிகம் பார்க்கப்பட்ட வீடியோக்களில் கால்பங்கை ஒட்டி இருந்தது (லி குழு 2020). பங்கு எவ்வளவு என்பதிலிருந்து விளைவு எவ்வளவு என்பதை ஊகிக்க முடியாது. தவறான தகவலைப் பார்ப்பது தடுப்பூசி போடும் எண்ணத்தை உடனடியாகக் குறைக்கும் என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு (லூம்பா குழு 2021). பார்வை எண்ணிக்கையையும் சேர்த்துக் கணித்தபோது, பொய் என்று குறிக்கப்பட்டவற்றைவிடக் குறிக்கப்படாத ஐயமூட்டும் செய்திகளின் விளைவே பெரிதாக மதிப்பிடப்பட்டது (ஆலன் குழு 2024). களத்தில் வதந்தியை நம்புவதும் நிறுவனங்களை நம்பாததும் தடுப்பூசி மறுப்போடு தொடர்புற்றிருந்தன (வின்க் குழு 2019). இவற்றில் எது முந்தியது என்பதை ஒரே காலத்தில் எடுத்த அந்த ஆய்வு தீர்மானிக்காது. உண்மையான நடத்தையைப் பின்தொடர்ந்து அளந்த சான்று இந்த ஆய்வுகளில் இல்லை.”

இந்தப் பத்தியில் முதல் வாக்கியம் ஆய்வாளரின் முடிவு. எந்த ஒரு கட்டுரையிலும் அது இல்லை, கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கிடைத்தது. ஆய்வாளர்களின் பெயர்கள் அடைப்புக்குள் ஒதுங்கிவிட்டன. வாக்கியங்களின் எழுவாயாகக் கேள்வியும் சான்றும் வந்திருக்கின்றன. வினைச்சொற்களில் ஒரு கணக்கு இருக்கிறது. குலுக்கல் சோதனைக்குக் ‘குறைக்கும்’, கணித மதிப்பீட்டுக்கு ‘மதிப்பிடப்பட்டது’, கள ஆய்வுக்குத் ‘தொடர்புற்றிருந்தன’. காங்கோ ஆய்வைப் பற்றி ‘வதந்தி தடுப்பூசியை மறுக்க வைத்தது’ என்று எழுதியிருந்தால், ஒரே ஒரு வினைச்சொல்லில் ஆய்வு சொல்லாததைச் சொன்னதாகிவிடும். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் இந்த வினைச்சொற்கள்தாம். கடைசி வாக்கியம் இடைவெளியைச் சுட்டுகிறது. ஆய்வாளரின் சொந்த ஆய்வு அந்த இடைவெளியை நோக்கியதாக இருந்தால்தான் அதற்கு அங்கே இடம். ‘இந்தப் பொருளில் தமிழ்நாட்டில் ஆய்வுகள் நடைபெறவில்லை’ என்று வழக்கமாக எழுதி முடிப்பது தேடாமலே எழுதக்கூடிய வாக்கியம்.

பத்தியில் சேர்க்காமல் விடப்பட்ட ஓர் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவிட் பற்றிய தவறான தகவலால் 2020-ன் முதல் மாதங்களில் குறைந்தது 800 பேர் இறந்தார்கள் என்று செய்தித்தாள்களிலும் பல ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பத்தியிலும் காணலாம். எல்லாம் இஸ்லாம் குழுவினரின் 2020 கட்டுரையைக் கைகாட்டும். அந்தக் கட்டுரை செய்த வேலை வேறு. 87 நாடுகளிலிருந்து 25 மொழிகளில் வந்த 2,311 வதந்தி, சூழ்ச்சிக் கதை முதலியவற்றைத் திரட்டி வகைப்படுத்தியது. மதுவைக் குடித்தால் வைரஸ் சாகும் என்ற வதந்தியை விளக்கும் இடத்தில், மெத்தனால் குடித்துச் சுமார் 800 பேர் இறந்ததாக வேறு இடத்திலிருந்து எடுத்து எழுதியது. அந்த எண் அந்த ஆய்வு அளந்த முடிவு அல்ல.

அந்தச் சமயத்தில் பெருமளவில் மெத்தனால் மரணம் நிகழ்ந்த நாடு ஈரான். நூற்றுக்கணக்கானோர் இறந்தது உண்மை. காரணம் எது என்பதில்தான் சிக்கல். அங்கே மது தடைசெய்யப்பட்டிருக்கிறது. கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து சாவது கோவிட்டுக்கு முன்பே நடந்துவந்தது. 2018-லும் பலர் கூட்டமாக இறந்தார்கள். ஆகவே இறந்தவர்களில் எத்தனை பேர் மருந்தென்று நம்பிக் குடித்தார்கள், எத்தனை பேர் வழக்கமாகக் குடிப்பவர்கள், கிருமிநாசினிக்கு எங்கும் ஆல்கஹால் தேவைப்பட்ட அந்த மாதங்களில் சரக்கு கெட்டுப்போனதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் 800 பேரையும் வதந்தியின் கணக்கில் எழுத முடியாது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கள்ளச்சாராய மரணங்களை அறிந்தவர்களுக்கு, மெத்தனால் சாவுக்கு வதந்தி தேவையில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஓர் எண் கைமாறிக் கைமாறி வரும்போது அதன் மூலத்தில் இருந்த ‘சுமார்’, ‘எனக் கூறப்படுகிறது’ போன்ற சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன. வதந்தி பரவும் விதத்தைப் பற்றிய கட்டுரைகளுக்குள்ளேயே இது நடந்தது. இதைப் பிடிக்க ஒரே வழி, மேற்கோளின் மேற்கோளைத் தேடிப் போய், எண் முதன்முதலில் அளக்கப்பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த எண் பத்தியில் இடம்பெறக் கூடாது.

மேலே கண்ட ஆய்வுகளில் ட்விட்டர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், பொய் அங்கே அதிகம் என்பது அல்ல. அதன் பதிவுகள் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை எளிதில் இறக்கிக்கொள்ள முடிந்தது. இந்தியாவிலோ இலங்கையிலோ ஒரு வதந்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகப் போனால், உறுப்பினர் ஒருவர் தாமாகக் கொடுத்தால் ஒழிய ஆய்வாளர் கைக்கு அது வராது. ஆங்கிலச் சொற்களை வைத்துத் தேடிய ஆய்வில் தமிழ்க் குரல்பதிவு அகப்படாது. ஆகவே ‘சமூக ஊடகங்களில்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, ‘ஆங்கில ட்விட்டர் பதிவுகளில்’ என்று எழுதுவதே நேர்மை.

இந்த வரம்பு இனி இன்னும் இறுகும். 2023-ல் ட்விட்டர், ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தரவு தரும் வழியை மூடியது. ஃபேஸ்புக் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரௌட்டேங்கிள் என்ற கருவியை அதன் உரிமையாளரான மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. அடுத்த கொள்ளைநோயின்போது எழுதப்படும் ஆய்வுகள் வேறு வழியில் திரட்டிய மாதிரிகளை நம்ப வேண்டியிருக்கும். அவற்றின் சதவீதங்களை 2009, 2014, 2020 ஆண்டுகளின் சதவீதங்களுக்குப் பக்கத்தில் வைப்பவர், ஒப்பிடும் முன் மாதிரி எடுத்த முறை மாறியதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டியிருக்கும்.